தலவில மணலில் தென்னைக்குத் தண்ணீர்

புத்தளம் கரையோரத்தில் சிறு தென்னந்தோட்டம் வைத்திருப்பவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று. வட்டப் பாத்தியில் குழாயால் நீர் நிரப்பும் வழக்கத்தை விட்டுவிட்டுச் சொட்டு நீருக்கு மாறினால் மின்கட்டணம் குறையுமா? கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது. அதே மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது. 2023 பெப்ரவரியில் மின்சாரம் இன்னும் 66 வீதம் ஏறியது. பிறகு இறங்கியும் ஏறியும் வந்தாலும், மோட்டரைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகும் காலம் அன்றோடு முடிந்தது.

சொட்டு நீர் தண்ணீரைச் சேமிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தலவில போன்ற இடத்தில் அது மின்சாரத்தையும் தானாகவே சேமிக்கும் என்று நம்பிப் பணம் போட்டால் ஏமாற்றம்தான் வரும். எப்படி என்று ஒரு தோட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஏக்கர் காணி. 26 அடிக்கு 26 அடி இடைவெளியில் நட்டால் 64 மரம். கிணறு ஆழமில்லை, பத்துப் பன்னிரண்டு அடியில் தண்ணீர் நிற்கிறது. ஒரு குதிரைவலு மோட்டர், ஓடினால் மணிக்கு ஏறத்தாழ ஓர் அலகு மின்சாரம் எடுக்கும். குழாயைத் திறந்து விட்டால் நிமிடத்துக்கு 100 லீற்றர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மோட்டர் எவ்வளவு தரும் என்பதை ஒரு பீப்பாவும் கைக்கடிகாரமும் இருந்தால் நீங்களே அளந்துவிடலாம்.

பலர் செய்வது போல, ஐந்து நாளுக்கு ஒரு முறை மரத்துக்குப் பத்து நிமிடம் குழாயை விடுகிறோம். ஒரு மரத்துக்கு 1,000 லீற்றர். 64 மரத்துக்குப் பத்தரை மணித்தியாலத்துக்கு மேல். மின்சாரம் ஏறத்தாழ 11 அலகு.

இந்த 1,000 லீற்றரில் மரம் குடிப்பது எவ்வளவு? கரையோர மணல் தண்ணீரைத் தாங்காது. ஆறடி ஆரமுள்ள பாத்தியில், வேர் நிறைந்திருக்கும் மேல் மூன்றடி மண்ணில், பாதி காய்ந்த நிலையில் இன்னும் முந்நூற்றுச் சொச்சம் லீற்றர்தான் பிடிக்கும். மீதி அறுநூற்றுக்கு மேல் வேரைத் தாண்டிக் கீழே போய்விடுகிறது. அது தனியாகவும் போவதில்லை, நாம் போட்ட யூரியாவையும் கூட்டிக்கொண்டு கிணற்றுக்கே திரும்புகிறது. கற்பிட்டிக் குடாநாட்டு நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. அந்தக் கிணற்று நீரைத்தான் வீட்டிலும் குடிக்கிறோம்.

இப்போது கடையில் விற்கும் அழுத்தச் சொட்டு முறையைப் பார்ப்போம். வறட்சி மாதத்தில் வளர்ந்த மரம் ஒன்றுக்கு நாளுக்கு 80 லீற்றர் என்று கணக்கிடுகிறேன். காசர்கோட்டு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் அவர்களுடைய மேற்குக் கரைக்கு இதைவிடக் குறைவாகத்தான் பரிந்துரைத்தது. பாத்திப் பாசனத்துக்குத் தேவைப்படும் நீரில் மூன்றில் ஒரு பங்கைச் சொட்டு நீர் மிச்சப்படுத்தும், விளைச்சலும் குறையாது என்று அவர்கள் கண்டார்கள். ஆனால் நமது பக்கத்தில் சோளகக் காற்று ஆனி, ஆடி, ஆவணி முழுவதும் ஓலையை உலர்த்துகிறது, மழையும் இல்லை. அதனால் கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொள்கிறேன்.

64 மரத்துக்கு நாளுக்கு 5,000 லீற்றர் சொச்சம். ஐந்து நாளுக்கு 25,000 லீற்றர். பாத்தி முறையில் 64,000 போனது. தண்ணீரில் பாதிக்கு மேல் மிச்சம். மின்சாரம்? டிரிப்பர் சரியாக வேலை செய்யப் பத்து மீற்றர் அழுத்தம் வேண்டும். வடிகட்டியும் நீளமான குழாய்களும் இன்னும் சில மீற்றரை விழுங்கும். பத்தடி ஆழக் கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவரும் வேலையைவிட, குழாய்க்குள் தள்ளும் வேலை பெரிதாகிவிடுகிறது. அதே மோட்டர் இப்போது நிமிடத்துக்கு 60 லீற்றர்தான் தருகிறது என்று கொள்வோம். ஐந்து நாளில் ஏழு மணித்தியாலம், 7 அலகு.

11 அலகு 7 ஆகிவிட்டதே என்று மகிழ்வதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். அதே பழைய குழாயை மரத்துக்குப் பத்து நிமிடத்துக்குப் பதிலாக மூன்று நிமிடம் பிடித்து, ஐந்து நாளுக்குப் பதிலாக மூன்று நாளுக்கு ஒரு முறை விட்டால் ஐந்து நாள் கணக்கில் ஐந்தரை அலகுக்குள் முடிந்துவிடும். ஒரு சதமும் செலவில்லை. பாத்தியில் பொழியும் முறையை மடமை என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் விடுவதுதான் தவறு, பாத்தியில் தவறில்லை.

பொள்ளாச்சிப் பக்கத்து அனுபவம் இங்கே பொருந்தாததற்கும் இதுவே காரணம். அங்கே நூற்றுக்கணக்கான அடி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீர் எழுப்ப வேண்டும். அந்த உயரத்தோடு ஒப்பிட்டால் டிரிப்பர் கேட்கும் பத்து மீற்றர் சிறியது, நீர் குறைந்த அளவுக்கு மின்சாரமும் குறையும். போதாததற்குத் தமிழ்நாட்டில் விவசாய மின்சாரமே இலவசம். அவர்களுடைய கவலை வேறு, நம்முடைய கவலை வேறு.

அப்படியானால் தலவிலையில் சொட்டு நீர் எதற்கு? உப்புக்காக என்பேன்.

நமது கிணற்று நன்னீர், கீழே இருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. மழை தந்த அந்த நீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர்களின் பழைய விதி. நீண்ட காலத்துக்கு மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரும். ஒரே நாளில் பத்து மணித்தியாலம் இறைக்கும்போது கிணற்றுக்கு அடியில் உப்பு கூம்பாக எழும்புகிறது. நாளுக்கு ஒரு மணித்தியாலம், அதையும் இடைவிட்டு இறைத்தால் அந்தக் கூம்பு அந்த அளவுக்கு எழாது. இதை அறிய வழி எளிது. மோட்டர் போட்ட முதல் நிமிடத்தில் ஒரு போத்தல், நிறுத்துவதற்கு முந்திய நிமிடத்தில் ஒரு போத்தல் எடுத்து, இரண்டிலும் மின்கடத்துதிறனைச் சிறு மீற்றரால் அளந்து பாருங்கள். இரண்டாவது போத்தலில் எண் கூடியிருந்தால் கிணற்றால் தாங்க முடியாத வேகத்தில் இறைக்கிறீர்கள் என்று பொருள்.

தண்ணீர், மின்சாரம், உப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்து நான் இந்த மணலுக்குத் தெரிவு செய்வது உயரத் தாங்கியிலிருந்து விழும் சொட்டு நீரைத்தான். தலவில தரை தட்டையானது, அதனால் இது இங்கே பொருந்தும். மூன்று மீற்றர் உயரத்தில் 2,000 லீற்றர் தாங்கி. அதிலிருந்து இரண்டு அங்குலப் பிரதான குழாய், மரத்துக்கு ஆறு டிரிப்பர். மற்ற மண்ணில் நான்கு போதும். மணலில் நீர் பக்கவாட்டில் பரவாமல் நேரே இறங்குவதால் ஆறு வேண்டும். அடிமரத்திலிருந்து ஒரு மீற்றர் தள்ளி வட்டமாக வையுங்கள். மணிக்கு 8 லீற்றர் என்று குறித்த டிரிப்பரை வாங்குங்கள். அந்த அளவு பத்து மீற்றர் அழுத்தத்துக்குரியது. மூன்று மீற்றர் உயரத்தில் அது நாலரை லீற்றர் அளவுக்குத் தரும். ஆறு டிரிப்பர் மூன்று மணித்தியாலத்தில் மரத்துக்கு 80 லீற்றர் கொடுத்துவிடும். காலையில் ஆறு மணி முதல் ஒன்பது வரை தாங்கியை இரண்டரைத் தடவை நிரப்ப வேண்டியிருக்கும். ஒரு தடவைக்கு மோட்டர் இருபது நிமிடம்தான் ஓடும், இடையில் கிணறு ஓய்வெடுக்கும். ஐந்து நாளுக்கு நாலேகால் அலகு. மேலே சொன்ன எல்லா முறையையும்விட இதுவே குறைவு.

இதில் சிக்கல் இல்லாமலில்லை. நிரம்பிய தாங்கி இரண்டு தொன் எடை. தென்னங்குற்றியை நட்டு மேடை கட்டினால் சில வருடத்தில் அடி உளுத்துப்போகும், சோளகத்தில் எல்லாம் சாயும். கொங்கிறீற்றுத் தூண்தான் வேண்டும், செலவின் பெரும்பகுதி அதற்கே போகும்.

அடுத்தது அடைப்பு. சுண்ணாம்பு கலந்த நீர் என்பதால் டிரிப்பரின் வாயில் வெள்ளைப் படலம் கட்டும். தாங்கிக்கு வெயில் பட்டால் பாசியும் வரும், ஆகவே கறுப்புத் தாங்கி நல்லது. மாதம் ஒரு முறை தாங்கிக்கு அருகிலுள்ள மரத்தடியிலும் தொலைவில் கடைசி மரத்தடியிலும் ஒரே அளவுப் பாத்திரத்தை வைத்துப் பத்து நிமிடம் பிடியுங்கள். கடைசிப் பாத்திரத்தில் முதலாவதன் முக்கால் பங்குக்குக் குறைவாக இருந்தால் குழாயின் முனைகளைத் திறந்து அலசி, டிரிப்பர்களைக் கழற்றிக் கழுவ வேண்டும். எலி கடித்த குழாயைக் கண்டுபிடிப்பது இன்னும் எளிது, அந்த இடத்து மணல் மட்டும் எப்போதும் கறுத்து ஈரமாக இருக்கும்.

எந்த முறையானாலும் பாத்தியில் உரிமட்டையைப் பரப்பி மூடுங்கள். மூடாத மணலில் காற்று கொண்டுபோகும் நீர் கொஞ்சமல்ல.

இன்னொன்று, பலர் பொறுமை இழப்பது இதில்தான். பாளை வெடித்த பின் தேங்காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அந்தப் பாளையோ மரத்துக்குள் அதற்கும் இரண்டு வருடத்துக்கு மேல் முன்பே உருவாகத் தொடங்கிவிட்டது. இன்று ஒழுங்காக நீர் விட்டாலும் அடுத்த இரண்டு மாதப் பறிப்பில் ஒன்றும் தெரியாது. குரும்பட்டி கொட்டுவது குறைவதுதான் முதல் அடையாளம். காய் எண்ணிக்கையில் வித்தியாசம் தெரிய இரண்டு வருடம் பொறுக்க வேண்டும்.

கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் முழு ஏக்கருக்கும் ஒரேயடியாகப் போடத் தேவையில்லை. வாடைக்கால மழை முடிந்ததும், தலவில அன்னம்மாள் ஆலயத்தின் மார்ச் திருவிழாவுக்கு முன்னதாக, பதினாறு மரத்துக்கு மட்டும் தாங்கிக் குழாயை இழுத்துவிடுங்கள். மற்ற நாற்பத்தெட்டுக்கும் மூன்று நாளுக்கு ஒரு முறை மூன்று நிமிடம் விடுங்கள். மின்மானி எண்ணை இறைக்கத் தொடங்கும் முன்னும் பின்னும் ஒரு கொப்பியில் எழுதுங்கள், கூடவே போத்தல் இரண்டின் அளவையும். ஓகஸ்ட் திருவிழா கழிந்து சோளகம் ஓய்ந்த பிறகு அந்தக் கொப்பியைப் பார்த்து மிச்ச மரங்களுக்கு என்ன செய்வதென்று முடிவு எடுக்கலாம்.