முகவரியைச் சொன்னால் பணம் போய்விடுமா?

பிட்காயின் வைத்திருப்பவர்களிடம் "உங்கள் வாலட் முகவரியைக் கொடுங்கள், பணம் அனுப்புகிறேன்" என்று கேட்டால் பலர் தயங்குகிறார்கள். முகவரி கைமாறினால் உள்ளே இருப்பதும் கைமாறிவிடுமோ என்ற பயம். முகவரியை ஊரறியச் சொல்லலாம், அதனால் ஒரு காசுகூடக் களவு போகாது என்பதே என் கட்சி. ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பாதிதான் சரி. முகவரி பொதுச் சாவியை மறைத்து வைக்கிறது, அந்த மறைப்புதான் காவல் என்பார்கள். நிஜமான காவல் அதற்கு ஒரு படி முன்னாலேயே நிற்கிறது. அதைக் காட்ட, உலகமே அறிந்த ஒரு முகவரியை எடுத்துக்கொள்கிறேன்: 1A1zP1eP5QGefi2DMPTfTL5SLmv7DivfNa. 2009 ஜனவரி 3ஆம் தேதியிட்ட பிட்காயினின் முதல் பிளாக்கில், சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் இயங்கியவர் 50 பிட்காயினை எழுதிவைத்த பொதுச் சாவியிலிருந்து பிறந்த முகவரி இது.

தொடக்கத்தில் இருப்பது ரகசியச் சாவி. அது வெறும் ஓர் எண், ஆனால் 78 இலக்கம்வரை நீளக்கூடிய எண். ஒரு வளைகோட்டின்மீது எல்லோருக்கும் தெரிந்த ஒரு புள்ளி இருக்கிறது. அந்தப் புள்ளியை அதனுடனேயே, ரகசிய எண் எத்தனையோ அத்தனை தடவை, தனியொரு விதிப்படி கூட்டினால் இன்னொரு புள்ளி வரும். அதுதான் பொதுச் சாவி. அத்தனை தடவை கூட்ட யுகங்கள் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி, நான்கை எட்டாக்கி என்று இரட்டித்துக்கொண்டே போனால் சில நூறு கணக்குகளில் முடிந்துவிடும். ஆனால் வந்து சேர்ந்த புள்ளியை மட்டும் பார்த்து, எத்தனை தடவை கூட்டினார்கள் என்று கண்டுபிடிக்க அப்படிக் குறுக்குவழி எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. அறியப்பட்ட வழிகளில் சிறந்ததற்கே 39 இலக்க எண்ணிக்கையில் கணக்குகள் வேண்டும். போகச் சில நூறு, திரும்ப 39 இலக்கம். முகவரியில் இருக்கும் பணத்தின் காவல் இந்த ஏற்றத்தாழ்வில்தான் இருக்கிறது.

இனி, பொதுச் சாவி முகவரி ஆகும் கதை. முதல் பிளாக்கின் பொதுச் சாவி 65 பைட் நீளம்: தொடக்கத்தில் 04 என்ற அடையாளம், பின்னால் புள்ளியின் இரண்டு ஆயங்கள், தலா 32 பைட். இதை முதலில் SHA-256 என்ற ஹாஷ் கணக்கிலும், வரும் விடையை RIPEMD-160 என்ற இன்னொரு ஹாஷ் கணக்கிலும் போட்டு எடுக்கிறார்கள். மிஞ்சுவது 20 பைட்தான். நம் முகவரிக்கு அது 62e907b1 என்று தொடங்குகிறது. அதன் முன்னால் 00 என்ற ஒரு பைட் சேர்கிறது, இது இன்ன வகை முகவரி என்று சொல்ல. அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். இந்த 21 பைட்டையும் இரண்டு முறை SHA-256 வழியாக அனுப்பி, விடையின் முதல் 4 பைட்டை மட்டும் கத்தரித்து வாலில் ஒட்டுகிறார்கள். நம் முகவரிக்கு அந்த வால் c29b7d93. ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, "சரியாகக் கேட்டீர்களா?" என்று அதோடு ஒரு சாட்சியையும் அனுப்புவது போல. யாராவது முகவரியைத் தட்டச்சு செய்யும்போது ஓர் எழுத்து மாறினால், உடலும் வாலும் பொருந்தாமல் போகும். வாலட் பணத்தை அனுப்ப மறுத்துவிடும். தற்செயலான பிழை இந்தச் சோதனையைத் தாண்டிப்போகும் வாய்ப்பு சுமார் 430 கோடியில் ஒன்று.

இப்படி வந்த 25 பைட்டை 58 குறிகள் கொண்ட ஒரு நெடுங்கணக்கில் எழுதினால் முகவரி தயார். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண்கள் எல்லாம் சேர்த்தால் 62 அல்லவா வரும்? நான்கை வேண்டுமென்றே விலக்கியிருக்கிறார்கள்: பூஜ்ஜியம், அதைப் போலவே தோன்றும் பெரிய O, ஒன்றைப் போல மயக்கும் பெரிய I, சிறிய l. கண்ணுக்கும் கைக்கும் உள்ள பலவீனத்தை அறிந்து செய்த வேலை இது. முன்னால் சேர்த்த 00 இந்த எழுத்துமுறையில் 1 ஆக மாறுவதால்தான் இவ்வகை முகவரிகள் எல்லாம் 1 என்று தொடங்குகின்றன.

இப்போது வாதத்துக்கு வருகிறேன். முதல் பிளாக்கில் பொதுச் சாவி ஹாஷுக்குள் ஒளிக்கப்படவில்லை, முழுதாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதாவது இந்த முகவரிக்கு மறைப்பு என்ற திரையே 2009 முதல் இல்லை. தொடக்கத்து 50 பிட்காயினை மென்பொருளின் அமைப்பு காரணமாகவே யாராலும் செலவழிக்க முடியாது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆனால் பின்னாளில் ஆயிரக்கணக்கான முறை மக்கள் இதே முகவரிக்கு மரியாதையாகச் சிறு தொகைகளை அனுப்பியிருக்கிறார்கள். 2024 ஜனவரியில் யாரோ ஒருவர் ஏறத்தாழ 27 பிட்காயினை ஒரே தடவையில் போட்டார். ரகசியச் சாவி உள்ளவர் அவற்றை எடுக்கலாம். முகவரி தெரியும், பொதுச் சாவியும் தெரியும், பரிசும் பெரிது. ஆனாலும் ஒரு திருடனாலும் தொட முடியவில்லை. திரை இல்லாமலேயே காவல் நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

"முடியவில்லை என்பதால் முடியாது என்றாகிவிடுமா?" என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான கேள்வி. வளைகோட்டுக் கணக்கைத் திருப்ப முடியாது என்று கணிதம் நிரூபிக்கவில்லை. 1985இல் நீல் கோப்லிட்ஸ், விக்டர் மில்லர் இருவரும் தனித்தனியே இந்த முறையை முன்வைத்த நாளிலிருந்து எத்தனையோ பேர் முட்டிப் பார்த்தும் வழி திறக்கவில்லை என்பதே ஆதாரம். போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினி வந்தால் திறக்கும் என்பதும் தெரிந்ததே. அப்படியொன்று இன்று இல்லை. திரைக்கு மதிப்பு வருவது இங்கேதான். ஹாஷுக்குள் இருக்கும் பொதுச் சாவியை அந்தக் கணினியாலும் பார்க்க முடியாது. ஆனால் அந்த முகவரியிலிருந்து ஒருமுறை செலவு செய்தால், கையொப்பத்தோடு பொதுச் சாவியும் வெளியே வந்துவிடுகிறது, திரை விழுந்துவிடுகிறது. ஒவ்வொரு வரவுக்கும் புதிய முகவரி எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாலட்கள் தூண்டுவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு மறுப்பு: 20 பைட்டுக்குள் அடங்கும் முகவரிகளைவிட ரகசியச் சாவிகள் மிக அதிகம், ஆக ஒரே முகவரியைத் திறக்கும் சாவிகள் பல இருக்குமே? இருக்கும். சராசரியாக ஒரு முகவரிக்கு 29 இலக்க எண்ணிக்கையில் சாவிகள். ஆனால் அவற்றில் ஒன்றைத் தற்செயலாகப் பிடிக்க 49 இலக்க எண்ணிக்கையில் முயல வேண்டும்.

முகவரியை நான் கோயில் உண்டியலாகத்தான் நினைத்துக்கொள்கிறேன்: யாரும் போடலாம், சாவி உள்ளவரே எடுக்கலாம். ஒரு வித்தியாசம், இது கண்ணாடி உண்டியல். எவ்வளவு வந்தது, எப்போது போனது என்பதை முகவரி தெரிந்த யாரும் பார்க்கலாம். ஆகவே களவுக்குப் பயப்பட வேண்டாம். பிறர் கண்ணுக்கு வேண்டுமானால் பயப்படுங்கள், ஒரே முகவரியை எல்லோரிடமும் கொடுக்காதீர்கள். பணம் அனுப்பும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் நான்கெழுத்தும் கடைசி நான்கெழுத்தும் உங்கள் நண்பரின் முகவரியைப் போலவே இருக்கும்படி வேறொரு முகவரியை உருவாக்கி, நீங்கள் நகலெடுக்கும் இடத்தில் நுழைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதுவும் முறையாகச் செய்த முகவரிதான், அதன் வாலும் அதன் உடலோடு பொருந்தும், வாலட் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அனுப்பிவிடும். நடுவில் இருக்கும் எழுத்துகளையும் சேர்த்துப் படித்துவிட்டு அனுப்புங்கள்.