மூக்கோரத்துக் கட்டி

கட்டி வந்தால் உடனே உடம்புச் சூடு, மாம்பழம் தின்றது என்போம். பாவம், மாம்பழம்! பெரும்பாலும் அது ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமியின் வேலை.

கிருமி மயிர்க்காலில் புகுந்ததும், உடம்பு அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி, சீழை அங்கேயே அடைத்து வைக்கிறது. நாம் பிதுக்கினால் கொஞ்சம் வெளியே வரும். மீதி அந்தச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே போகும். மூக்கோரம், மேலுதடு என்றால் ஆபத்து கூடுதல். அங்குள்ள சிரைகள் கண்குழி வழியாக மூளைக்கு அடியிலுள்ள ரத்தப்பாதையோடு சேர்கின்றன. அரிதாகத்தான் கிருமி அதுவரை போகும். ஆனால் கண் வீங்கி, காய்ச்சலும் கடும் தலைவலியும் வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

சின்னக் கட்டிக்கு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். தினம் மூன்று நான்கு முறை போதும். பெரிதாகிப் பழுத்தால் மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டுக் கீறிச் சீழை எடுப்பார்.

சிலருக்கு அக்குளில் ஆறினால் தொடையில் வரும். பலருடைய மூக்குத் துவாரத்தில் இந்தக் கிருமி நோய் தராமலே குடியிருக்கிறது. மூக்கைத் தொட்ட விரல் அதை மற்ற இடங்களுக்குக் கொண்டுபோகும். அதனால்தான் மருத்துவர்கள் மூக்குக்குள் மியூபிரோசின் களிம்பை ஐந்து நாள் தடவச் சொல்வதுண்டு. வீட்டில் ஒரே துண்டை எல்லோரும் பயன்படுத்தினால் அதுவும் வீண். கட்டி திரும்பத் திரும்ப வந்தால் ரத்தத்தில் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.