ஒருவருக்குக் கடிதம் வந்தது, இருவருக்கு வரவில்லை

(பூநகரியில் தொண்டர் ஆசிரியர்கள், முன்பள்ளி ஆசிரியர்களுடன் நடந்த சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மதியம் மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு போட்டுவிட்டு உடனே பேசச் சொல்கிறீர்கள். எனக்கும் கண் சொருகுகிறது, உங்களுக்கும் சொருகுகிறது. அதனால் நீங்கள் கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

உங்கள் கூட்டத்தில் ஒரு தங்கச்சிக்கு நிரந்தர நியமனம் வந்திருக்கிறது. அவரோடு சேர்ந்து வருடக்கணக்காகத் தொண்டர் ஆசிரியராகப் படிப்பித்த மற்றவர்களுக்கு வரவில்லை. பாராட்டுக் கூட்டம் வைத்தால் அவர்கள் மனம் நோகும், வைக்காவிட்டால் இவர் மனம் நோகும், என்ன செய்வது என்று கேட்டீர்கள். இது எங்கள் மலையகத்தில் நாங்கள் பல தடவை கடந்து வந்த விஷயம். அதைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

2015இல் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு 3,000க்கும் மேற்பட்டோர் ஆசிரிய உதவியாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். பெயர் உதவியாளர், செய்தது முழு ஆசிரியர் வேலை. மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பிறகு அது 10,000 ஆனது. பயிற்சியை முடித்தால்தான் இலங்கை ஆசிரியர் சேவையில் உள்ளீர்ப்பார்கள். அதற்காகப் பலர் ஆசிரியர் கலாசாலைகளுக்குப் போனார்கள். உங்களுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோப்பாய்க்கும் மலையகப் பிள்ளைகள் வந்து தங்கிப் படித்தார்கள். படித்து முடித்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் உள்ளீர்க்கப்படவில்லை. மாகாணத்துக்கு மாகாணம், தொகுதிக்குத் தொகுதி நாள் மாறியது. ஒரே பாடசாலையில் ஒரே வகுப்பறைச் சுவருக்கு இந்தப் பக்கம் நிரந்தர ஆசிரியர், அந்தப் பக்கம் உதவியாளர் என்ற நிலை வந்தது.

நான் சொல்லப்போகிற மூன்று பேரும் ஒரே தோட்டத்துப் பெண்கள். ஒரே டிவிஷன், அடுத்தடுத்த லயம். ஒரே நாளில் உதவியாளர் நியமனம் பெற்றவர்கள். அவர்களின் அம்மாமார் மூவரும் ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர்கள். ஒருவருக்கு உள்ளீர்ப்புக் கடிதம் வந்தது. இரண்டாமவருக்குக் கலாசாலை இறுதிப் பரீட்சையில் ஒரு பாடம் சித்தியில்லை, திரும்ப எழுத வேண்டும். மூன்றாமவர் எல்லாப் பாடமும் சித்தி. ஆனால் அவருடைய கோப்பு அலுவலகத்தில் எங்கோ தங்கிவிட்டது.

கடிதம் வந்த அன்றே தோட்டத் தலைவர் மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆள் அனுப்பத் தயாராகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சந்தாக் கூட்டத்தில் பாராட்டு. நல்ல மனிதர், மனம் நிறைந்த சந்தோசம். அவரை இரண்டு நாள் பொறுக்கச் சொன்னது மாதர் சங்கத் தலைவிதான். "மத்த ரெண்டு புள்ளைங்களையும் போய்ப் பார்த்துட்டு வர்றேன், அதுக்கப்புறம் மாலை வாங்குங்க" என்றார்.

அவர் இரண்டு வீட்டுக்கும் போனார். தனியாக, வேலை முடிந்த பிறகு, பாராட்டைப் பற்றி வேறு யாரும் சொல்வதற்கு முன்னால். ஆறுதல் சொல்லப் போகவில்லை. மூன்று கேள்வி கேட்டார். உனக்கு ஏன் இன்னும் வரவில்லை, உனக்குத் தெரிந்த காரணம் என்ன? கூட்டத்தில் உன் பெயரைச் சொல்லலாமா, வேண்டாமா? நீ வருவாயா, வராவிட்டால் யாரும் கேட்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பாருங்கள், இரண்டு பேருக்கும் பதில் வேறு. கோப்பு தங்கியவர், "என் பேரைக் கட்டாயம் சொல்லுங்க, நான் ஃபெயில்னு லயத்துல பேசிக்கிறாங்க" என்றார். ஒரு பாடம் தவறியவர், "என் பேரே வரக்கூடாது அக்கா" என்றார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் கடிதம் வராதவர்கள், ஒரே துக்கம் என்று நினைப்போம். அது சரியில்லை. ஒருவருக்கு மௌனம் அவமானம், இன்னொருவருக்குப் பேச்சு அவமானம். கேட்காமல் மேடையில் ஏறினால் இரண்டில் ஒருவரை நிச்சயமாக நோகடித்திருப்போம்.

பிறகு கடிதம் வந்த பெண்ணிடமும் போனார். இதை நாம் மறந்துவிடுகிறோம். பாராட்டுப் பெறுகிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை, இழுத்துக்கொண்டு வந்து மாலை போடுகிறோம். அந்தப் பெண் கடிதத்தை நான்கு நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாராம். அவளுகள் முன்னால் எப்படிச் சிரிப்பது என்று. அவரிடம் தலைவி சொன்னது எனக்குப் பிடித்தது: "நீ சந்தோசத்தை மறைச்சா அவளுங்களுக்கு என்ன கெடைக்கப்போகுது? மாலையைப் போட்டுக்க. ஆனா என்ன பேசுறதுன்னு சேர்ந்து யோசிப்போம்."

சிலர் சொல்வார்கள், மூன்று பேருக்கும் பொன்னாடை போட்டுவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது என்று. எங்கள் கூட்டத்திலும் சொன்னார்கள். நான் அதற்கு உடன்படமாட்டேன். கடிதம் கிடைக்காதவருக்குப் போடுகிற பொன்னாடை பாரம். சபை முழுக்க அவரைப் பார்த்து "ஐயோ பாவம்" என்கிறது, அவர் அதற்கு நன்றி சொல்லிக் கும்பிட வேண்டியிருக்கிறது. வாங்கியவருக்கும் அவருடைய நாள் கரைந்துபோகிறது. அதேபோல "அடுத்த முறை உனக்குத்தான்" என்ற வார்த்தையும் வேண்டாம். அடுத்த முறை எப்போது என்று நம்மில் யாருக்கும் தெரியாது. கோப்பு தங்கியவரிடம் அதைச் சொன்னால், இம்முறை அவர் எதையோ தவறவிட்டார் என்று சபை எடுத்துக்கொள்ளும்.

சரி, கூட்டத்தில் என்ன சொன்னோம்? எழுதி வைத்துத்தான் பேசினோம். கிட்டத்தட்ட இப்படி:

"எங்கள் சங்க உறுப்பினர், இந்தத் தோட்டத்துப் பிள்ளை, இலங்கை ஆசிரியர் சேவையில் உள்ளீர்க்கப்பட்டிருக்கிறார். உதவியாளராக இருந்த இத்தனை வருடமும் தரம் மூன்று பிள்ளைகளுக்கு வாசிப்புப் படிப்பித்தவர். எழுத்துக் கூட்டத் தெரியாமல் வந்த பிள்ளைகள் வாசித்துக்கொண்டு போனது நமக்குத் தெரியும். இந்தக் கடிதம் அவர் உழைப்பு. இந்த உள்ளீர்ப்புக்காக வீதியில் நின்றவர்கள் பலர். அதே நாளில் நியமனம் பெற்று, எல்லாப் பாடமும் சித்தியடைந்த இன்னொரு தங்கச்சியின் கோப்பு இன்னும் அலுவலகத்தில் இருக்கிறது. அது அவருடைய பிழையல்ல. அந்தக் கோப்பைக் கேட்டு இந்த மாதம் நாங்கள் கடிதம் எழுதுகிறோம். இப்போது மாலை."

இதில் கவனியுங்கள். "முதலாவது", "சிறந்த", "எல்லோரையும் முந்தி" என்ற சொல் ஒன்றும் இல்லை. அவர் செய்த வேலை இருக்கிறது. அந்த வேலையைச் சொன்னால் பக்கத்தில் இருக்கிறவர் சின்னவராவதில்லை. "மற்றவர்களும் இவரைப் பார்த்துப் படிக்க வேண்டும்" என்ற வசனம் எங்கள் தலைவர்மாருக்கு வாயில் ஒட்டிக்கொண்டது, அதை அன்று ஒருவழியாகத் தடுத்தோம். சம்பளம் எவ்வளவு கூடும் என்றும் சொல்லவில்லை. மூன்று அம்மாமாரும் மறுநாள் காலை ஒரே பிரட்டுக் களத்தில் நிற்க வேண்டியவர்கள்.

ஒரு பாடம் தவறியவர் பெயர் வரவில்லை, அவர் கேட்டபடியே. அவர் கூட்டத்துக்கு வந்தார். தேநீர் ஊற்றுகிற வேலையைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். சும்மா உட்கார்ந்திருந்தால் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள், கையில் வேலை இருந்தால் பார்க்கமாட்டார்கள், அது அவருக்குத் தெரிந்திருந்தது. பாராட்டு முடிந்த கிழமையே கடிதம் வந்த பெண் தன் கலாசாலைக் குறிப்புக் கொப்பிகளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். மேடையில் அறிவித்துவிட்டுப் போயிருந்தால் அது உதவியாக இருந்திருக்காது, இன்னொரு பொன்னாடையாகியிருக்கும்.

இன்னொரு விஷயம், இதில்தான் நாம் சங்கக்காரர்களாக யோசிக்க வேண்டும். பாராட்டுக்கு அதிகாரியையோ அரசியல்வாதியையோ கூப்பிட்டு, மாலையோடு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். படத்தில் ஒருவர் சிரிக்கிறார். அந்தப் படத்தைப் பார்க்கிற அலுவலகத்துக்கு, "ஆசிரிய உதவியாளர் பிரச்சினை முடிந்தது" என்று அர்த்தமாகிறது. வராதவரின் கோரிக்கை அந்தப் படத்துக்கு அடியில் புதைந்துபோகிறது. மனம் நோவது ஒரு பக்கம், உரிமை போவது இன்னொரு பக்கம். உங்கள் வடக்கில் தொண்டர் ஆசிரியர்கள் யுத்த காலத்திலும் படிப்பித்து, பிறகு வீதியில் உட்கார்ந்து, பகுதி பகுதியாக நியமனம் பெற்றதை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் விழா நடந்தபோது வெளியே நின்றவர்களின் பட்டியல் யார் கையில் இருந்தது? அந்தக் கேள்வியை நீங்களே உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள்.

இப்படி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்காது. கொழுந்து எடுக்கிற அக்கா ஒருவர் கங்காணியானால் கதை வேறு. நேற்றுவரை பக்கத்து நிரையில் நின்றவர் இன்று நம் கொழுந்தைப் பார்த்து அரைப்பேர் என்று சொல்லக்கூடியவர். அங்கே மற்றவர்களுக்கு இருப்பது பொறாமையில்லை, பயம். பாராட்டில் அந்தப் பயத்தைப் பேசாமல் விட்டால் மாலை வாடுவதற்குள் மலையில் சண்டை வரும். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம், நேரமாகிறது.

உங்கள் தங்கச்சிக்கு வருவோம். அவருக்கு வைக்கிற கூட்டத்துக்கு முன்னால் மற்றவர்கள் ஒவ்வொருவரையும் ஒருவர் போய்ப் பார்க்கட்டும். அவர்களுக்கு மூத்தவர், வாய் காக்கத் தெரிந்தவர் போகட்டும், பதவியில் இருப்பவர் வேண்டாம். நேர்முகத்தில் விடுபட்டவரா, ஆவணம் இல்லாதவரா, வயது கடந்தவரா என்று காரணத்தைத் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். வயது கடந்தவரிடம் காத்திருக்கச் சொல்லாதீர்கள். அவருக்கு வேறு கோரிக்கை எழுத வேண்டும்.

கூட்டக் குறிப்பில் இரண்டு வரி தனித்தனியாகப் பதியுங்கள். முதல் வரியில் வாழ்த்து. இரண்டாவது வரியில், நியமனம் கிடைக்காத இத்தனை பேர் சார்பில் யாருக்கு, எந்தத் திகதியில் கடிதம் போகிறது, யார் கையொப்பம் என்பது. செயலாளர் அக்கா பேனையை எடுத்துவிட்டார், திகதியை இப்போதே சொல்லுங்கள்.