கம்யூட்டேஷன்: கை நிறையப் பணமும் கணக்கும்

பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்த ஒருவர் 60 வயதில் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2004க்கு முன்பே பணியில் சேர்ந்ததால் பழைய பென்ஷன் திட்டம்தான் அவருக்கு. அடிப்படை பென்ஷன் மாதம் 50,000 ரூபாய். அதில் 40 சதவீதம் வரைக்கும் விட்டுக்கொடுத்து மொத்தத் தொகையாக வாங்கிக்கொள்ளலாம். இதைத்தான் கம்யூட்டேஷன் என்கிறோம். வாங்கலாமா, வேண்டாமா? வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சு நடக்கிறது. ஆனால் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

40 சதவீதம் என்றால் மாதம் 20,000 ரூபாய். 2008இல் வந்த அட்டவணைப்படி, அடுத்த பிறந்தநாளில் 61 வயதாகிறவருக்குக் காரணி 8.194. இருபதாயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, அதை இந்த எண்ணால் பெருக்கினால் 19,66,560 ரூபாய் வருகிறது. அந்தப் பணம் ஒரே தவணையில் கைக்கு வந்துவிடும். பதிலுக்கு 15 ஆண்டுகள், அதாவது 180 மாதங்கள், பென்ஷனில் இருபதாயிரம் குறையும். அகவிலை நிவாரணம் மட்டும் குறையாது. முழு 50,000க்கும் கணக்கிட்டே தருவார்கள்.

ஒரு காலத்தில் விட்டுக்கொடுத்த பங்கு ஆயுள் முழுக்கத் திரும்பாமலே போனது. ‘காமன் காஸ்’ அமைப்பு தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான், 15 ஆண்டு முடிந்ததும் முழு பென்ஷன் திரும்பக் கிடைக்கும் நிலை உறுதியானது.

வாங்கியது பத்தொன்பதரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். விட்டது 36 லட்சம். இதைப் பார்த்ததும், “அரசாங்கம் நம்மிடம் பதினாறு லட்சம் பிடுங்குகிறதே” என்று சிலர் கொதிக்கிறார்கள். அந்தக் கோபம் சரியல்ல. இன்று கையில் வரும் ரூபாயும், பத்து வருடம் கழித்து வரும் ரூபாயும் ஒன்றல்லவே! நாம் கேட்க வேண்டியது இதுதான்: இந்தப் பத்தொன்பதரை லட்சத்தை ஒரு கடனாக நினைத்து, மாதம் இருபதாயிரமாக 180 மாதம் அடைத்தால், அந்தக் கடனுக்கு என்ன வட்டி?

அந்த விகிதத்தை ஒரே வரியில் கண்டுபிடிக்க முடியாது. ஊகித்து ஊகித்துத்தான் நெருங்க வேண்டும். எட்டு சதவீதம் என்று வைத்துப் பார்த்தால் 13 ஆண்டு நாலரை மாதத்தில் கடன் அடைந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் நம்மிடம் பிடிக்கிறார்கள். ஆக வட்டி எட்டைவிட அதிகம். ஒன்பது என்று வைத்தால் ஏறக்குறைய 15 ஆண்டு வந்துவிடுகிறது. நுணுக்கமாகப் பார்த்தால் ஆண்டுக்கு 9.05 சதவீதம். இதுதான் சமநிலை வட்டி விகிதம். நம் பணம் அதற்கு மேல் சம்பாதித்தால் கம்யூட்டேஷன் லாபம், கீழே சம்பாதித்தால் நஷ்டம்.

அட்டவணை எட்டு சதவீத வட்டியில் போட்டது, அப்புறம் ஏன் ஒன்பது? காரணம் ஆயுள். பென்ஷன்தாரர் 15 ஆண்டுக்குள் இறந்துவிட்டால் மீதிப் பணத்தை யாரிடமும் வசூலிக்க மாட்டார்கள். குடும்ப ஓய்வூதியத்திலும் கை வைக்க மாட்டார்கள். அந்தக் காப்பீட்டுக்கான விலைதான் அந்தக் கூடுதல் ஒரு சதவீதம். பத்தாவது ஆண்டு முடிவில் ஒருவர் காலமானால் அவர் கொடுத்த வட்டி சுமார் நான்கு சதவீதம்தான். எட்டு ஆண்டு இரண்டு மாதத்துக்குள் காலமானால் வட்டியே இல்லை, அசலில்கூட மிச்சம். உடல்நலம் சரியில்லாதவர்களுக்கு இது வேறு கணக்கு என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நம் ஐ.சி.எஃப். ஊழியர் அந்தப் பணத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8.2 சதவீத வட்டி 15 ஆண்டும் மாறாமல் கிடைப்பதாகவே எடுத்துக்கொள்வோம். விட்டுக்கொடுத்த இருபதாயிரத்தை மாதாமாதம் அதிலிருந்து எடுத்துச் செலவழித்தால், 13 ஆண்டு ஏழு மாதத்தில் பணம் காலி. மிச்சமுள்ள ஒன்றரை வருடத்துக்குச் சற்றுக் குறைவான காலம் அவர் இருபதாயிரம் இல்லாமல்தான் ஓட்ட வேண்டும். வட்டிக்கு வரி கட்டினால் இன்னும் சீக்கிரமே தீர்ந்துவிடும். ஆகவே டெபாசிட்டில் போடுவதற்காக மட்டும் கம்யூட் செய்வது, நீண்ட ஆயுள் உள்ளவருக்குக் கட்டுப்படியாகாது. பன்னிரண்டு, பதினான்கு சதவீதத்தில் தனிநபர் கடன் நிலுவை இருந்தால் கதை மாறும். அதை அடைப்பவருக்கு ஒவ்வொரு மாதமும் ஆதாயம்.

அரசு ஊழியருக்கு கம்யூட்டேஷன் தொகைக்கு வருமான வரி கிடையாது, மாத பென்ஷனுக்கு உண்டு. வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ளவருக்குச் சமநிலை விகிதம் கணிசமாக இறங்கும். இருபது சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு, மேல்வரியும் சேர்த்தால் அது சுமார் ஐந்தேகாலாகிவிடுகிறது. அவருக்கு டெபாசிட்டுக்காக கம்யூட் செய்வதுகூட லாபமாகலாம். வரி வரம்புக்குள் வராதவருக்கு இந்தச் சலுகையால் பலனில்லை, ஒன்பதே அவருடைய எண்.

முழு 40 சதவீதமும் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எட்டு லட்சம் கடன் அடைந்தால் போதும் என்றால் 17 சதவீதம் விட்டாலே எட்டு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் வந்துவிடும், பென்ஷனில் குறைவது 8,500 ரூபாய்தான். யோசித்து முடிவெடுக்க விரும்புபவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை இல்லை. ஓராண்டு தாண்டினால் பரிசோதனைக்குப் போக வேண்டும், வயது கூடக்கூட அட்டவணைக் காரணியும் இறங்கும்.