அந்த 12 மதிப்பெண் எதைச் சொல்கிறது?

படிக்கும் நேரம், பள்ளி வகை இரண்டையும் கொண்டு மதிப்பெண்ணைக் கணிக்கும் தொடர்புப் போக்குச் சமன்பாட்டில், பலரும் தவறாகப் படிக்கும் ஓர் எண்ணைப் பற்றிப் பேசுகிறேன்.

பள்ளி வகை எண் அல்ல. ஆகவே அரசுப் பள்ளிக்கு 0, தனியார் பள்ளிக்கு 1 என வைக்கிறோம். இதுவே டம்மி மாறி. இதை மட்டும் சேர்த்தால் இரண்டு இணைகோடுகள் கிடைக்கும். எத்தனை மணி நேரம் படித்தாலும் இடைவெளி மாறாது. அப்படித்தானா என்று சோதிக்க, மணியையும் டம்மியையும் பெருக்கி இடைவினை உறுப்பாகச் சேர்க்கிறோம்.

விளக்கத்திற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள்:

மதிப்பெண் = 30 + 5 × மணி + 12 × தனியார் − 3 × மணி × தனியார்

அரசுப் பள்ளிக்கு இது 30 + 5 × மணி. தனியாருக்கு 42 + 2 × மணி. இதைப் பார்த்து, "தனியார் பள்ளியில் 12 மதிப்பெண் கூடுதல்" என எழுதிவிடுகிறோம். ஆனால் அந்த 12, ஒரு மணி நேரம்கூடப் படிக்காதவர்களிடையே உள்ள இடைவெளி மட்டுமே. தினம் 4 மணி படித்தால் இருவருக்கும் 50. 6 மணி என்றால் அரசுப் பள்ளிக்கு 60, தனியாருக்கு 54.

படிக்காத மாணவரே தரவில் இல்லையென்றால் அந்த 12-க்குப் பொருளும் இல்லை. எனவே ஒவ்வொருவரின் மணியிலிருந்தும் சராசரியை, 3 மணி என்று கொள்வோம், கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள். டம்மியின் கெழு 12 − 9 = 3 ஆகிவிடும். இது சராசரி நேரம் படிப்பவர்களிடையே உள்ள இடைவெளி. இடைவினைக் கெழு −3 அப்படியே இருக்கும், கோடுகளும் மாறா.

அந்த −3-இன் திட்டப்பிழை 2 என வந்தால், இரு கோடுகளின் சாய்வும் வேறு என்று உறுதியாகக் கூற முடியாது. அதையும் பார்த்த பிறகே முடிவை எழுதுங்கள்.