ஐந்து நிமிட அறிமுகம் ஒரு நிமிடத்தில்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆசிரியர் நாளன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் படத்திறப்பு விழாவில் பேசுவதற்காக, நம் காலனியைச் சேர்ந்த மாணவி ஒருத்தி ஐந்து நிமிட அறிமுகவுரை ஒன்றை எழுதி வந்தாள். விழா தொடங்கும் வேளையில், “உனக்கு ஒரு நிமிடந்தான், அம்மா” என்று கூறிவிட்டார்கள். குழந்தை கண் கலங்கி என்னிடம் வந்தாள். அன்று நாங்கள் இருவரும் செய்ததையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

அவள் முதலில் எண்ணியது விரைந்து படித்துவிடலாம் என்பதே. அது இயலாது. தமிழ்ச் சொற்கள் நீண்டவை. மேடையில் தெளிவாகப் பேசினால் நிமிடத்திற்கு எண்பது, தொண்ணூறு சொற்களுக்கு மேல் செல்லா. அவள் எழுதியிருந்ததோ நானூறுக்கு மேல். அடுத்து, பத்திக்கு ஒரு வாக்கியம் வைத்துக்கொள்ளலாம் என்றாள். அவ்வாறு செய்து பார்த்தோம். பதவிகளும் ஆண்டுகளும் மட்டும் எஞ்சின, மனிதரைக் காணோம்.

ஆகவே தாளை மூடி வைக்கச் சொல்லி மூன்று கேள்விகளைக் கேட்டேன். இவர் யார்? இன்று ஏன் இவரைப் பற்றிப் பேசுகிறோம்? நம் ஊராருக்கும் இவருக்கும் என்ன உறவு? மூன்றுக்கும் அவள் வாய்மொழியாகவே விடை கூறினாள். அவ்விடைகளே உரையின் எலும்புக்கூடாயின. பின்னர் தாளைத் திறந்து, அவ்விடைகளுக்குத் துணை செய்யாத ஒவ்வொன்றையும் அடித்தோம்.

முதலில் போனவை “ஒப்பற்ற”, “ஈடிணையில்லாத” போன்ற அடைமொழிகள். அவற்றை நீக்கியதால் ஒரு செய்தியும் குறையவில்லை. அடுத்துப் போனவை ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தராக இருந்தது, சோவியத் நாட்டில் தூதராக இருந்தது, 1954-இல் பாரத ரத்னா பெற்றது ஆகியன. இவை பெரிய செய்திகள்தாம். ஆயினும் அன்றைய விழா ஆசிரியருக்கு உரியது. தூதுவரைப் பற்றிய கூட்டமாயின் மாஸ்கோவை வைத்துக்கொண்டு மைசூரை நீக்கியிருப்போம். எது இன்றியமையாதது என்பதைக் கூட்டத்தின் நோக்கமே முடிவு செய்கிறது.

ஆண்டுகளில் ஒரு சூழ்ச்சி உண்டு. தாளில் 1888 என்பது ஒரே சொல். நாவிலோ ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டு என்று மூன்று சொற்களாகிறது. எனவே பத்துக்கு மேலிருந்த ஆண்டுகளில் மூன்றை மட்டும் விட்டுவைத்தோம்.

இறுதியில் அவள் பேசியது இது:

“இன்று நாம் படம் திறந்து வைக்கும் பெருமகனார் ஓர் ஆசிரியர். 1888-இல் திருத்தணியில் பிறந்தார். திருப்பதியிலும் வேலூரிலும் பயின்றார். நம் குடிபாலா அவ்விரு நகரங்களுக்கும் இடைவழியில் உள்ளது. 1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணியைத் தொடங்கியவர், மைசூர், கல்கத்தா வழியாக ஆக்ஸ்போர்டு வரை சென்று கற்பித்தார். 1962-இல் குடியரசுத் தலைவரானார். தம் பிறந்த நாளைக் கொண்டாட விரும்பியவர்களிடம், அதனை ஆசிரியர் நாளாகக் கொண்டாடுமாறு வேண்டினார். அதனால்தான் செப்டம்பர் 5-ஆம் நாளாகிய இன்று நாம் இங்கே கூடியிருக்கிறோம். அவர் பெயர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்.”

எண்ணிப் பாருங்கள், அறுபது சொற்களை ஒட்டியே வரும். எண்பதுக்கு இடமிருந்தும் ஏன் நிறுத்தினோம்? ஆண்டுகள் நாவில் நீளும். இடையில் மூச்சு விட வேண்டும். ஒலிபெருக்கியைச் சரி செய்யவும் நேரம் போகும். பெயரை இறுதியில் வைத்ததற்கும் காரணம் உண்டு. பெயரைக் கேட்டவுடன் அவை கைதட்டும். அதன்பின் சொல்வது எதுவும் செவியில் ஏறாது.

ஒன்றை மட்டும் இழந்தோம். 1960 வரை திருத்தணி நம் சித்தூர் மாவட்டத்தோடு இருந்தது என்ற செய்தியை விட அவளுக்கு மனமில்லை. அதைச் சொன்னால் மாவட்டப் பிரிவினையையும் விளக்க வேண்டும். அதற்கே அரை நிமிடம் ஆகிவிடும். விளக்கம் வேண்டுகின்ற செய்திக்கு ஒரு நிமிட உரையில் இடமில்லை.

மேடை ஏறுமுன் உரையைத் தன் பாட்டியிடம் படித்துக் காட்டச் சொன்னேன். கேட்டு முடித்த பாட்டி, “நம்ம பக்கத்து வாத்தியார், அவர் பிறந்த நாளைத்தான் வாத்தியார்களுக்கு விழாவாகக் கொண்டாடுகிறோம்” என்றார். கேட்டவர் திருப்பிச் சொன்னதில் மூன்று கேள்விகளுக்கும் விடை இருந்தது. அவ்வளவும் போதும் என்று மேடைக்கு அனுப்பினேன்.