சொந்த வீடா, வாடகை வீடா?

ரயில்வே அலுவலகத்தில் கூட்டலும் கழித்தலுமே நமது தொழில். ஆகவே இன்று ஒரு கணக்கையே உங்கள் முன் வைக்கிறோம்.

1976-இல் ஜனதா காலனி அகற்றப்பட்டு, அங்கிருந்தோர் சீட்டா கேம்ப்புக்குப் பெயர்க்கப்பட்டதை டிராம்பே மூத்தோர் மறந்திலர். அதனால்தான் கடன்பட்டேனும் சொந்த வீடு வேண்டும் என்கிறோம். அந்த எண்ணம் பத்தாண்டுக் கணக்கில் எவ்வாறு நிற்கிறது என்று பார்ப்போம்.

செம்பூர்ப் பக்கம் ஒரு வீட்டின் விலை 80 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கைமுதல் 16 லட்சம். முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 6 வீதம் 4 லட்சத்து 80 ஆயிரம். பதிவுக் கட்டணம் 30 ஆயிரம். ஆக, தொடக்கத்திலேயே 21 லட்சத்து 10 ஆயிரம் வேண்டும். மீதி 64 லட்சத்தை நூற்றுக்கு எட்டரை வட்டியில் 20 ஆண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறக்குறைய 55,500 ரூபாய். சொசைட்டிக் கட்டணமும் வரியும் 3,500 சேர்ந்தால் மாதம் 59,000 ஆகும்.

அதே வீடு 22,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கிறதென்போம். முதல் ஆண்டில் மாத மிச்சம் 37,000. வாடகை ஆண்டுதோறும் நூற்றுக்கு 5 ஏறினால், பத்தாம் ஆண்டில் மிச்சம் 25,000 ஆகச் சுருங்கும். தொடக்கத் தொகையையும் இம்மிச்சத்தையும் நூற்றுக்கு 7 கிடைக்குமாறு போட்டு வைத்தால், பத்தாண்டு முடிவில் முன்னது நாற்பத்தொன்றரை லட்சமாகும். பின்னது 53 லட்சமாகும். மொத்தம் தொண்ணூற்று நான்கரை லட்சம்.

வாங்கியவர் நிலை யாது? பத்தாண்டு கழித்தும் கடனில் 45 லட்சம் நிற்கும். வீட்டு விலை ஆண்டுக்கு நூற்றுக்கு 5 ஏறியிருந்தால் வீடு 130 லட்சம் பெறும். கடன் போக 85 லட்சம். வாடகைக்காரரே மேல். விலை 6 வீதம் ஏறியிருந்தால் 98 லட்சம், வாங்கியவரே மேல். இவ்விரண்டுக்கும் இடையில்தான் தராசு முள் நிற்கிறது.

ஆனால் மிச்சம் உண்மையில் சேர வேண்டுமே! நாமும் பத்தாண்டு வாடகை வீட்டில் இருந்தவர்தாம். இரண்டாண்டு ஒழுங்காகச் சேர்த்தோம். பிறகு தங்கை திருமணம், ஊர்த் திருவிழா, பண்டிகைச் செலவு என்று மிச்சம் கரைந்தது. மிச்சத்தில் பாதியை மட்டும் சேர்ப்பவருக்குக் கணக்கு 68 லட்சத்தில் நின்றுவிடும். விலை 4 வீதமே ஏறினாலும் வாங்கியவரிடம் 73 லட்சம் இருக்கும். தவணை கட்டாயச் சேமிப்பு. வாடகைக்காரருக்கோ அக்கட்டாயம் இல்லை.

வருமான வரிச் சலுகையும், பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் மூட்டை கட்டும் அலைச்சலும் இக்கணக்கில் சேரவில்லை. அவற்றை அவரவரே நிறுத்துப் பார்க்க வேண்டும். வாடகையில் இருப்போர், சம்பளம் வந்த அன்றே மிச்சம் தானாக வைப்புக் கணக்கிற்குச் செல்லுமாறு வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு மனம் இடங்கொடாதாயின், கடன் வாங்கி வீடு வாங்குவதே நலம்.